மேல்படிக்கு ஸ்க்ரூ, கீழ்ப்படிக்கு அழுத்தம்

மாடி வீட்டில் குழந்தை தவழ ஆரம்பித்ததும் பலர் முதலில் தேடுவது படிக்கு ஒரு கேட். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, இரண்டு பக்கச் சுவர்களையும் அழுத்திக்கொண்டு நிற்பது. மற்றது, ஸ்க்ரூ போட்டு முடுக்குவது. சுவரில் ஓட்டை விழக்கூடாது என்று முதல் வகையை வாங்கி, மாடிப்படியின் உச்சியில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. வைக்கவே கூடாத இடம் அதுதான்.

அழுத்தி நிற்கும் கேட்டின் நான்கு மூலைகளிலும் ரப்பர் முனையுள்ள திருகுகள் இருக்கும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது அதன் கதவு தாழ்ப்பாளைத் தொடாமல் இடைவெளியோடு கோணலாகத் தெரியும். பழுதான பொருள் என்று சிலர் திருப்பிக்கூடக் கொடுத்துவிடுகிறார்கள். பழுதல்ல, திருகுகளை முடுக்க முடுக்கச் சட்டம் வளைந்து அந்த இடைவெளி சுருங்கும். பின்னர் அது மீண்டும் விரிந்தால் பிடி தளர்ந்துவிட்டது என்று பொருள். தினமும் திறந்து சாத்துவதிலும், குழந்தை பிடித்து உலுக்குவதிலும் இந்தத் தளர்ச்சி வரத்தான் செய்யும். பெயிண்ட் வழவழப்பாக இருந்தால் சீக்கிரமே வரும். திருகின் முனை உட்காரச் சிறு கிண்ணங்களைச் சுவரில் பதித்தால் பிடி கூடும்.

அப்போதும் ஒரு குறை தீராது. இந்த வகைக் கேட்டின் அடியில், தரையை ஒட்டி ஒரு குறுக்குக் கம்பி ஓடுகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் பெரியவரின் கால் மாடி விளிம்பில் அதில் தடுக்கினால், இருவரும் விழுவார்கள்.

ஸ்க்ரூ கேட்டில் அந்தக் கம்பி இல்லை. கதவு முழுதாகத் திறக்கும். படிப்பக்கம் திறக்காமல் மாடிப்பக்கம் மட்டுமே திறக்கும்படி அதைப் பொருத்த வேண்டும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் செங்கல் சுவர், மறுபக்கம் ஸ்டீல் கைப்பிடி. சுவரில் துளையிடும்போது முதலில் சாம்பல் நிறத் தூள் வரும். அது வெறும் பூச்சு. சிவப்புத் தூள் வந்த பிறகுதான் செங்கல். பிளக் அதற்குள் இறங்கி உட்கார வேண்டும். பூச்சோடு நின்றால் சில வாரங்களில் ஸ்க்ரூ ஆடத் தொடங்கிவிடும். ஸ்டீல் குழாயில் நேராக ஸ்க்ரூ போடாமல், ஒரு மரப்பலகையைக் கைப்பிடித் தூணோடு நிமிர்த்தி வைத்து, மேலும் கீழும் கிளாம்ப் போட்டு இறுக்கி, கேட்டை அந்தப் பலகையில் முடுக்கலாம்.

கீழ்ப்படிக்கு அழுத்தி நிற்கும் கேட்டே போதும். அது நழுவினாலும் குழந்தை விழுவது சமதரையில். ஆனால் வாரம் ஒருமுறை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துத் திருகை முடுக்குங்கள். அவசரத்தில் கேட்டைத் தாண்டிப் போகாதீர்கள்.

இரண்டு வயதை ஒட்டியோ, அதற்கு முன்பே குழந்தை கேட்டின் மேல் ஏறவோ தாழ்ப்பாளைத் திறக்கவோ கற்றுவிட்டாலோ, இரண்டு கேட்டுகளையும் கழற்றிவிட வேண்டும்.