வாடிக்கையாளரைக் கூட்டி வந்தவர் யார்?

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் மேலூருக்கு அப்பால் இருக்கும் கொட்டாம்பட்டி வட்டாரத்திலும், அதை அடுத்த சிங்கம்புணரிப் பக்கத்திலும், தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் தொழில் வேரூன்றியிருக்கிறது. நார் பிரித்தபின் எஞ்சும் துகளை ஊறவைத்து, உப்பு நீக்கி, உலர்த்தி, கட்டிகளாக அழுத்தினால் அதுவே மாடித் தோட்டக்காரர்கள் கோகோபீட் என்று கேட்டு வாங்கும் பொருளாகிறது. இதை வாங்குவோர் பெரும்பாலும் சென்னை, கோவை, பெங்களூரு போன்ற நகரங்களில் இருப்பதால், இப்படிப்பட்ட ஊரிலிருந்து இணையத்தில் கடை நடத்துபவர், அந்த நகரத்தாரிடம் ஏற்கெனவே பேச்சுச் செல்வாக்குள்ள மாடித் தோட்ட யூடியூபர்களின் துணையை நாடுவது இயல்பு. அவர்கள் பொருளைப் பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பரிந்துரையால் நடந்த விற்பனைக்கு மட்டும் கடை கமிஷன் தர வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கே அஃபிலியேட் விற்பனை என்று பெயர். விளம்பரத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பதால் சிறு கடைக்கு இது பாதுகாப்பான வழியாகத் தோன்றுகிறது. ஆனால் வாங்கியவரைக் கூட்டி வந்தவர் யார் என்பதற்குச் சாட்சி வலுவாக இல்லாவிட்டால், இந்த ஏற்பாட்டில் கடையின் லாபம் முழுவதும் கசிந்துவிடக்கூடும்.

கமிஷன் விகிதத்தை அடுத்த கடை என்ன தருகிறது என்று பார்த்து முடிவு செய்வதைவிட, ஓர் ஆர்டரில் உண்மையில் மிஞ்சும் தொகையிலிருந்து தொடங்குவதே சரி. ஓர் எடுத்துக்காட்டாக, கோகோபீட் கட்டியும் நார்த் தொட்டிகளும் சேர்ந்த ஒரு தோட்டப் பெட்டியின் விலை 5 சதவீத ஜிஎஸ்டி உட்பட 900 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். வரி போக விலை 857 ரூபாய். பொருளுக்கும் பேக்கிங்குக்கும் 380, கூரியருக்கு 160, பணப் பரிவர்த்தனைக் கட்டணத்துக்கு 17 என்று கழித்தால் 300 ரூபாய் மிஞ்சும். கோகோபீட் எடை மிகுந்த பொருள் என்பதால் கூரியர்ச் செலவு இந்தக் கணக்கில் பெரும் பங்கு வகிக்கிறது. அதிலும் கேஷ் ஆன் டெலிவரி முறையில் அனுப்பிய நூறு பெட்டிகளில் பத்து, வாங்குவார் இல்லாமல் திரும்பி வந்தால், போக்குவரத்துச் செலவாகப் பெட்டிக்கு 270 ரூபாய் வீதம் 2,700 ரூபாய் போய்விடும். அந்த இழப்பை விற்ற 90 பெட்டிகள் மீது பகிர்ந்தால் ஒன்றுக்கு 30 ரூபாய். ஆக, கடைக்காரர் கையில் நிற்பது 270 ரூபாய்தான். இதிலிருந்துதான் சம்பளம், வாடகை, இணையதளச் செலவு எல்லாம் போக வேண்டும்.

யூடியூபர் தம் பார்வையாளருக்கென 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் கேட்பது வழக்கம். அதற்கு 86 ரூபாய் போகிறது. மிச்சமுள்ள 771 ரூபாய் மீது 10 சதவீதக் கமிஷன் என்றால் 77 ரூபாய். இரண்டும் போகக் கடைக்கு 107 ரூபாய் நிற்கும். அதே கமிஷனை 20 சதவீதமாக உயர்த்தினால் 30 ரூபாய் மட்டுமே எஞ்சும். மின்னூல் போன்ற டிஜிட்டல் பொருள்களுக்கு 30, 40 சதவீதம் தரும் கடைகளைப் பார்த்து அதே விகிதத்தை எடையுள்ள பொருளுக்கும் அறிவிப்பது ஏன் ஆபத்தானது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். கமிஷன் எந்தத் தொகை மீது என்பதையும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுத வேண்டும்: வரியும் தனியே வாங்கும் கூரியர்க் கட்டணமும் தள்ளுபடியும் நீங்கிய தொகை மீது என்று சொல்லாவிட்டால், அரசுக்குக் கட்டும் வரிக்கும் சேர்த்துக் கடை கமிஷன் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இனி, விற்பனையை யார் பெயரில் எழுதுவது என்னும் கேள்வி. ஒவ்வொரு அஃபிலியேட்டுக்கும் அடையாளக் குறி சேர்த்த தனி லிங்க் தரப்படுகிறது.

```
https://kadai.example/thotta-petti?ref=maadi07
```

இந்த லிங்க்கைத் தொட்டு ஒருவர் கடைக்குள் வந்ததும், கடையின் சர்வர் அவருடைய பிரௌசரில் குக்கீ எனப்படும் சிறு குறிப்பை எழுதி வைக்கிறது. முப்பது நாள் ஆயுள் கொண்ட குக்கீ என்றால், அந்த முப்பது நாளுக்குள் அதே பிரௌசரில் அவர் எப்போது வாங்கினாலும் அந்த விற்பனை maadi07 என்பவரின் கணக்கில் சேரும். இடையில் வேறொருவரின் லிங்க்கைத் தொட்டால் பழைய குறிப்பு அழிந்து புதியது எழுதப்படும். இதற்குக் கடைசி கிளிக் விதி என்று பெயர்.

நடைமுறையில் இந்தக் குறிப்பு எளிதில் தொலைந்துபோகிறது. இன்ஸ்டாகிராமுக்குள் ஒரு லிங்க்கைத் தொட்டால் அது பெரும்பாலும் அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும் பிரௌசரில் திறக்கிறது. அங்கே எழுதிய குக்கீ, அதே போனில் உள்ள குரோமுக்குத் தெரியாது. இரவில் அங்கே பொருளைப் பார்த்துவிட்டு மறுநாள் குரோமைத் திறந்து வாங்குபவர் யாரும் கூட்டி வராதவராகவே பதிவாவார். ஆப்பிளின் சஃபாரி பிரௌசரோ, பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கீயை ஏழு நாளிலும், சில சூழல்களில் ஒரே நாளிலும் அழித்துவிடுகிறது. கடையின் சொந்த சர்வர் நேரடியாக எழுதும் குக்கீக்குப் பொதுவாக இந்தக் கெடு இல்லை. ஆகவே குக்கீயைச் சர்வரிலிருந்து எழுதுவதும், ஒவ்வொரு அஃபிலியேட்டுக்கும் தனிக் கூப்பன் கோடு தந்து லிங்க் தொலைந்த இடத்தில் கோடு சாட்சியாக நிற்கும்படி செய்வதும் சிறு கடைக்கு எட்டக்கூடிய தீர்வுகள். உழைத்த யூடியூபரின் கூலி தொலையாமல் இருப்பதற்கு இந்த இரட்டைப் பதிவு கடை காட்ட வேண்டிய குறைந்தபட்ச நேர்மையாகும்.

ஆனால் குக்கீ இருக்கிறது என்பது ஒரு பிரௌசரில் குறிப்பு எழுதப்பட்டது என்பதை மட்டுமே காட்டும்; ஒருவர் மனம் வைத்து லிங்க்கைத் தொட்டார் என்பதை அது காட்டாது. இந்த இடைவெளியில்தான் மோசடி நுழைகிறது. அதன் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று அமெரிக்காவின் ஈபே நிறுவனத்தில் நடந்தது. அதன் அஃபிலியேட்டுகளில் முதலிடத்தில் இருந்த ஷான் ஹோகனும், அடுத்த இடத்தில் இருந்த பிரையன் டன்னிங்கும், பிறருடைய வலைத்தளங்களில் பதியத்தக்க சிறு நிரல்களை இலவசமாகப் பரப்பினர். அவற்றைப் பதித்திருந்த பக்கத்தை ஒருவர் வெறுமனே பார்த்தாலே, கண்ணுக்குத் தெரியாத வகையில் அவருடைய பிரௌசரில் ஈபேயின் அஃபிலியேட் குக்கீ எழுதப்பட்டுவிடும். அவர் பின்னர் தாமாகவே ஈபேயில் வாங்கினாலும் கமிஷன் இவர்களுக்குச் சென்றது. குக்கீ திணிப்பு எனப்படும் இந்த முறை வெளிப்பட்டுவிடாமல் இருக்க, ஈபேயின் தலைமையகம் இருந்த சான் ஓசேயிலும், அஃபிலியேட் வலையமைப்பை நடத்திய நிறுவனம் இருந்த சான்டா பார்பராவிலும் உள்ள கணினிகளுக்கு மட்டும் குக்கீ போகாதபடி ஹோகன் நிரலை அமைத்திருந்ததாகக் குற்றச்சாட்டில் கூறப்பட்டது. ஈபே 2008-இல் வழக்குத் தொடுத்தது. 2010-இல் குற்றவழக்குப் பதிவானது. 2014-இல் ஹோகனுக்கு ஐந்து மாதமும் டன்னிங்குக்குப் பதினைந்து மாதமும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்தப் பழைய உத்தி கொட்டாம்பட்டிக் கடையிலும் நுழையலாம். ஆனால் இப்போது அதைக் கண்டறிய எளிய வழி உண்டு. இன்றைய பிரௌசர்கள் ஒவ்வொரு கோரிக்கையோடும், எதற்காகக் கேட்கின்றன என்பதையும் சர்வருக்குச் சொல்கின்றன. மனிதர் லிங்க்கைத் தொட்டுப் பக்கத்தைத் திறந்தால் `Sec-Fetch-Dest: document` என்றும், மறைவான படமாக அழைக்கப்பட்டால் `image` என்றும், மறைச் சட்டகமாக அழைக்கப்பட்டால் `iframe` என்றும் வரும். முதல் வகைக்கு மட்டும் குக்கீ எழுதும்படி சர்வரை அமைத்து, குக்கீயோடு `SameSite=Lax` என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்துவிட்டால், படத்தின் பின்னே ஒளியும் திணிப்பு பலிக்காது. தானாகத் திறக்கும் மறைச் சாளரம் இந்த வலையில் சிக்காது; அதற்குத் தடயம் வேறு. கிளிக்குகள் பல்லாயிரமாகவும் ஆர்டர்கள் விரல்விட்டு எண்ணும்படியும் இருக்கும். வந்தவர்கள் பக்கத்தைக் கீழே நகர்த்தக்கூட மாட்டார்கள்.

சிறு கடையை இதைவிட அதிகம் அரிப்பது, சட்டப்படி மோசடி என்று சொல்லவே தயங்க வேண்டிய ஒன்று. வாங்க முடிவு செய்து பெட்டியைக் கார்ட்டில் போட்டுவிட்ட ஒருவர், கூப்பன் கோடு என்ற கட்டத்தைப் பார்த்ததும் கூகுளில் கடையின் பெயரோடு கூப்பன் என்று சேர்த்துத் தேடுகிறார். யூடியூபருக்குத் தந்த கோடு ஏதேனும் ஒரு கூப்பன் தளத்தில் கிடக்கிறது. அந்தத் தளத்தின் அஃபிலியேட் லிங்க் வழியாகவே அவர் கடைக்குத் திரும்புகிறார். கடைசி கிளிக் அதுதான் என்பதால் கமிஷன் அந்தத் தளத்துக்குப் போகிறது. ஏற்கெனவே துணிக்கடைக்குள் வந்து துணியும் எடுத்துவிட்டவருக்காக, பில் போடும் மேசை அருகே நின்றவர் தரகு கேட்பதற்கு இது ஒப்பாகும். பேபால் நிறுவனத்துக்குச் சொந்தமான ஹனி என்னும் பிரௌசர் நீட்சி இதேபோல் பணம் செலுத்தும் தறுவாயில் பிறருடைய குறிப்பை அழித்துத் தன்னுடையதை எழுதுகிறது என்ற குற்றச்சாட்டு 2024 டிசம்பரில் எழுந்து வழக்குகள் தொடரப்பட்டன. 2025 மார்ச்சில் கூகுள், பயனருக்கு நேரடிப் பலன் இல்லாமல் அஃபிலியேட் லிங்க்கைச் செருகும் நீட்சிகளைத் தடைசெய்து விதியை மாற்றியது.

இந்தக் கசிவைக் காட்டிக்கொடுப்பவை இரண்டு நேரப் பதிவுகள். கிளிக் நடந்த நேரத்தையும், பொருள் கார்ட்டில் விழுந்த நேரத்தையும் ஆர்டரோடு சேர்த்துச் சேமித்து வைத்தால் போதும். மாலை 6.10-க்குக் கார்ட்டில் பொருள் விழுந்து, 6.14-க்குக் கிளிக் பதிவாகி, 6.15-க்குப் பணம் செலுத்தப்பட்டிருந்தால், அந்தக் கிளிக் யாரையும் கூட்டி வரவில்லை. நேர்மையான யூடியூபரின் ஆர்டர்களில் கிளிக் முதலில் வரும்; கார்ட் சில நிமிடமோ சில மணி நேரமோ கழித்து வரும்; சிலர் இரண்டு நாள் யோசித்தும் வாங்குவர். கார்ட்டுக்குப் பிந்திய கிளிக்குக்குக் கமிஷன் இல்லை, அல்லது முந்தைய கிளிக்குக்கே உரிமை என்று ஒரு விதி எழுதிவிட்டால் பெரும்பகுதிச் சிக்கல் தீரும்.

கேஷ் ஆன் டெலிவரியில் இன்னொரு ஓட்டை உண்டு. ஆர்டர் விழுந்தவுடன் கமிஷன் தரும் கடையில், அஃபிலியேட்டே பொய் ஆர்டர்களைப் போட்டுவிட்டு, பார்சல் வரும்போது வாங்காமல் விடலாம். ஒரே போன் எண், ஒரே முகவரியின் சிறு திரிபுகள், ஒரே பின்கோடில் குவியும் திரும்பல்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். எனவே ஆர்டர் விழும்போது கமிஷனை நிலுவையில் வைத்து, பொருள் சேர்ந்து, அதைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பின்பே உறுதி செய்து, மறுமாதம் பணம் அனுப்புவதே முறை. நிராகரித்த ஒவ்வொரு ஆர்டருக்கும் காரணத்தை அஃபிலியேட்டுக்குக் காட்டுவது அவசியம். காரணம் சொல்லாமல் வெட்டும் கடையை நல்ல யூடியூபர்கள் விட்டுவிடுவார்கள்.

எந்தப் பதிவாலும் விடை சொல்ல முடியாத கேள்வி ஒன்று எஞ்சுகிறது: அந்த லிங்க் இல்லாவிட்டாலும் இவர் வாங்கியிருப்பாரா? மேற்சொன்ன பெட்டிக்கே திரும்பினால், ஓர் அஃபிலியேட் கணக்கில் சேர்ந்த 100 ஆர்டர்களில் 40 எப்படியும் வந்திருக்கும் என்றால், புதிதாகக் கிடைத்த 60 ஆர்டர்கள் பெட்டிக்கு 270 வீதம் 16,200 ரூபாய் தருகின்றன. ஆனால் கூப்பனும் கமிஷனும் சேர்ந்த 163 ரூபாய் நூறு ஆர்டருக்கும் போவதால் செலவு 16,300. பொய் ஆர்டர் ஒன்றுகூட இல்லாமலேயே கடை நூறு ரூபாய் நட்டப்படுகிறது. பழைய வாடிக்கையாளருக்குக் கமிஷனை வெகுவாகக் குறைத்து, புதியவருக்குக் கூட்டுவது இதற்கு ஒரு பாதித் தீர்வு. முழுமையாக அறிய வேண்டுமானால் சோதனைதான் வழி: பண்டிகையோ தோட்டப் பருவமோ குறுக்கிடாத நான்கு வாரங்களுக்குக் கூப்பன் தளங்களின் லிங்க்குகளை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, கடையின் மொத்த ஆர்டர்கள் முந்தைய நான்கு வாரங்களைவிட எவ்வளவு குறைகின்றன என்று பார்க்க வேண்டும். அந்தத் தளங்கள் கணக்குக் காட்டிய அளவுக்கு ஆர்டர் குறைந்தால் அவை உண்மையிலேயே ஆள் கூட்டி வந்தவை. ஆர்டர் ஏறக்குறைய அப்படியே இருந்தால், அவற்றுக்குத் தந்து வந்த கமிஷனை மாடித் தோட்ட யூடியூபர்களின் விகிதத்தோடு சேர்த்துவிடலாம்.