ஏசி ஓடுது, கூலிங் இல்லை

"ஏசி வேலை செய்யலை சார், சீக்கிரம் ஆள் அனுப்புங்க."

கிண்டியில் நான்கு நிறுவனங்கள் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் எங்கள் அலுவலகத்திலிருந்து, மே மாதத்து செவ்வாய்க்கிழமை ஒன்றில், கட்டடத்தின் ஃபெசிலிட்டி மேனேஜருக்கு நான் அனுப்பியது இவ்வளவுதான். மாலையே மெக்கானிக் வந்தார். பார்ட் கையில் இல்லை என்று திரும்பிப் போனார். பிறகு கொட்டேஷன், உரிமையாளரின் ஒப்புதல். வெள்ளிக்கிழமை கெப்பாசிட்டரை மாற்ற அரை மணி நேரம்தான் ஆனது.

அந்த மூன்று நாளை என் செய்தியே மிச்சப்படுத்தியிருக்கலாம். மொட்டை மாடி யூனிட்டில் ஃபேன் சுற்றியது. கம்ப்ரசர் மட்டும் சில நொடி உறுமிவிட்டு 'டக்'கென்று நின்றது. பெரும்பாலும் கெப்பாசிட்டர் போனதன் அடையாளம் அது. இதைச் சொல்லி, யூனிட்டில் ஒட்டியிருக்கும் மாடல் லேபிளையும் படமெடுத்து அனுப்பியிருந்தால், அவர் பார்ட்டோடு வந்திருப்பார். பார்ப்பதோடும் கேட்பதோடும் நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மூடியைத் திறக்கவே கூடாது.

உள்ளே காயிலில் ஐஸ் கட்டியிருந்தால் கதை வேறு. ஃபில்டர் அடைத்திருக்கலாம், கேஸ் குறைந்திருக்கலாம். ஐஸ் உருகாமல் கேஸ் பிரஷரைச் சரியாகப் பார்க்க முடியாது. அதனால் உடனே கூலிங்கை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிட்டு, அதையும் செய்தியில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வருபவர் ஐஸ் உருகும்வரை காத்திருப்பார், அல்லது நாளைக்கு வருகிறேன் என்பார்.

அடுத்த முட்டுக்கட்டை பணம். மேனேஜரிடம் இருக்கும் ஏஎம்சி ஒப்பந்தம் பார்ட்டையும் சேர்த்ததா, சர்வீஸுக்கு மட்டுமா என்று முதல் செய்தியிலேயே கேட்க வேண்டும். சர்வீஸுக்கு மட்டும் என்றால் ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒப்புதல் தேவை. மெக்கானிக் கிளம்பும் முன்பே, இன்ன தொகை வரை கேட்காமல் மாற்றலாம் என்று உரிமையாளரிடம் அனுமதி வாங்கிவைக்கச் சொல்லலாம்.

இந்த ஏப்ரலில் மறுபடி அதே கோளாறு. ஆளுக்கொரு புகார் அனுப்பினால் மேனேஜர் குழம்புவார் என்பதால், நான்கு நிறுவனங்களின் சார்பிலும் ஒரே செய்தி எழுதினேன்:

"வணக்கம் சார். மூணாவது மாடி, ஜன்னல் பக்கம் 2 டன் கேசட் ஏசி. காலை 9:30லிருந்து காத்து வருது, கூலிங் இல்லை. வெளி யூனிட் ஃபேன் சுத்துது, கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகி உடனே கட் ஆகுது. லேபிள் படம், வீடியோ அனுப்பியிருக்கேன். 22 பேர் உட்கார்ந்திருக்கோம், உள்ளே 33 டிகிரி. கெப்பாசிட்டரோட ஆள் எத்தனை மணிக்கு வருவார்? பார்ட்டுக்கு ஒப்புதல் வேணும்னா இப்பவே வாங்கிடுங்க. அதுவரைக்கும் ரெண்டு பெடஸ்டல் ஃபேன் வேணும். கம்ப்ளைண்ட் நம்பர் சொல்லுங்க சார்."

பத்து நிமிடத்தில் நம்பர் வந்தது. பதினொன்றரைக்கு ஃபேன்கள் வந்தன. இரண்டு மணிக்கு மெக்கானிக் மாடி ஏறும்போது கெப்பாசிட்டர் அவர் பையில் இருந்தது.