ஒரே கோபுரம், இரண்டு விடை

சென்ற இதழில் முடிவில்லாமல் நீளும் பின்னங்களைப் பார்த்தோம். இந்த வாரம் முடிவில்லாமல் உயரும் அடுக்குகள். x-இன் தலையில் ஒரு x, அதன் தலையில் இன்னொரு x என்று ஏறிக்கொண்டே போகிற கோபுரம் 2-க்குச் சமம் என்றால் x எவ்வளவு? கணித ஆர்வலர்கள் கைமாற்றிக்கொள்ளும் பழைய கேள்வி இது. அடியில் இருக்கும் x-ஐ விட்டுவிட்டுப் பார்த்தால், மேலே மிச்சம் இருப்பதும் அதே கோபுரம்தான். ஆகவே x² = 2, அதாவது x = √2. ஒரே வரியில் விடை வந்துவிடுகிறது.

அதே கேள்வியில் 2-க்குப் பதிலாக 4 போடலாம். அதே தர்க்கப்படி x⁴ = 4. இதன் மிகை விடையும் √2-தான்!

இப்போது √2-ஐ அடுக்கிக் கட்டிய கோபுரம் 2 ஆகவும் இருக்கிறது, 4 ஆகவும் இருக்கிறது. இரண்டு கணக்கிலும் ஒவ்வொரு வரியாகத் தேடினாலும் கூட்டல் பெருக்கல் பிழை அகப்படாது. பிழை முதல் வரிக்கும் முன்னால் இருக்கிறது. கோபுரத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, அது நாம் சொன்ன மதிப்புதான் என்பதை யாரும் நிரூபிக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

முடிவில்லாத கோபுரத்தை ஒரே மூச்சில் கட்ட முடியாது. ஒவ்வொரு மாடியாகத்தான் கட்ட வேண்டும். முதல் உறுப்பு a₁ = √2. அடுத்தது, முந்தைய உறுப்பை √2-இன் தலையில் அடுக்காக ஏற்றுவது: aₙ₊₁ = (√2)^aₙ. ஒவ்வொரு உறுப்பும் தனக்கு முந்தையதிலிருந்து பிறக்கிற இத்தகைய எண்வரிசையைப் பாடநூல்கள் தொடர்முறை என்ற தலைப்பில் சேர்க்கின்றன. கால்குலேட்டரில் தட்டினால் 1.4142, 1.6325, 1.7608, 1.8409, 1.8927, 1.9270, 1.9500 என்று வருகிறது. எண்கள் ஏறுகின்றன, ஏற்றம் வரவரக் குறைகிறது. விடை 2 என்று கண் சொல்கிறது. கண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம். முதலில் நிரூபணம்.

அதற்கு இரண்டு செய்தி தேவை. ஒன்று, உறுப்புகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. முதல் ஏற்றத்தை நேரடியாகச் சரிபார்க்கலாம்: √2 என்பது 1-ஐவிடப் பெரியது, ஆகவே (√2)^√2 என்பது (√2)¹-ஐவிடப் பெரியது, அதாவது a₂ > a₁. இனி ஏதோ ஒரு கட்டத்தில் aₙ₊₁ > aₙ என்று வைத்துக்கொள்வோம். அடுக்கு பெரிதானால் மதிப்பும் பெரிதாகும். எனவே (√2)^aₙ₊₁ > (√2)^aₙ, அதாவது aₙ₊₂ > aₙ₊₁. ஒரு படியில் ஏற்றம் இருந்தால் அடுத்த படியிலும் ஏற்றம் உண்டு. முதல் படியில் இருக்கிறது. ஆகவே எல்லாப் படியிலும் இருக்கிறது. பள்ளியில் கணிதத் தொகுத்தறிதல் என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இரண்டாவது செய்தி, உறுப்புகள் ஒரு மதிலைத் தாண்டுவதில்லை. √2 < 2 என்பது தெரிந்ததே. aₙ < 2 என்றால் aₙ₊₁ = (√2)^aₙ < (√2)² = 2. இங்கும் அதே தொகுத்தறிதல். எந்த உறுப்பும் 2-ஐத் தொடக்கூட முடியாது.

ஏறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் ஒரு வரம்பைத் தாண்டவில்லை என்றால் அந்தத் தொடர்முறை ஏதோ ஓர் எண்ணை நெருங்கியே தீரும். இந்தத் தேற்றம் கேட்டவுடன் சரி என்று தோன்றுகிறது. ஆனால் 1858-இல் சூரிச் நகரில் நுண்கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் டெடிகிண்டுக்கு, இதைச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் கோடு வரைந்து காட்ட வேண்டியிருந்தது உறுத்தியது. படத்தைக் காட்டுவது நிரூபணம் ஆகாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அந்த ஆண்டு நவம்பர் 24 அன்று அவருக்கு வழி கிடைத்தது: மெய்யெண் என்றால் என்ன என்பதையே புதிதாக வரையறுத்தார். 1872-இல் அதை நூலாக வெளியிட்டார். அவருடைய உறுத்தல் வீண் அல்ல. பின்னங்களை மட்டும் எண்களாக ஏற்றுக்கொண்டால் இந்தத் தேற்றம் பொய்த்துப்போகும். 1, 1.4, 1.41, 1.414 என்று √2-ஐ நோக்கிப் போகும் வரிசையில் எல்லாமே பின்னங்கள். ஏறுமுகமானவை, 2-ஐத் தாண்டாதவை. ஆனால் அவை போய்ச் சேரும் இடத்தில் பின்னம் எதுவும் கிடையாது. அந்த இடைவெளிகளை எல்லாம் நிரப்பிய எண்கோட்டில்தான் தேற்றம் நிற்கிறது.

எல்லை இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. அதை L என்போம். இப்போதுதான் சமன்பாடு எழுதும் உரிமை கிடைக்கிறது. aₙ₊₁ = (√2)^aₙ என்பதில் n அளவின்றிப் பெருகும்போது இடப்பக்கம் L-ஐ நெருங்கும். அடுக்குச் சார்பில் தாவல் கிடையாது, அது தொடர்ச்சியானது. எனவே வலப்பக்கம் (√2)^L-ஐ நெருங்கும். ஆகவே L = (√2)^L.

இந்தச் சமன்பாட்டுக்கு 2-உம் விடை, 4-உம் விடை. மூன்றாவது விடை இல்லை; (√2)^x-இன் வளைவு ஒரே திசையில் மேல்நோக்கி வளைவதால் y = x என்ற நேர்கோடு அதை இரண்டு இடங்களுக்கு மேல் வெட்ட முடியாது. இரண்டில் எது? முன்பு கட்டிய மதில் இங்கே கைகொடுக்கிறது. எல்லா உறுப்பும் 2-க்குக் கீழே இருப்பதால் எல்லையும் 2-ஐத் தாண்ட முடியாது. L = 2. சமன்பாடு வேட்பாளர்களின் பட்டியலைத்தான் தந்தது, தேர்ந்தெடுத்தது வரம்பு. கோபுரத்தின் மதிப்பு 4 என்பது நடக்காத காரியம். x⁴ = 4 என்ற கணக்கு, இல்லாத கோபுரத்தை இருப்பதாக எடுத்துக்கொண்டு செய்தது.

அப்படியென்றால் 4 எங்கிருந்து நுழைந்தது? அதே விதியை வைத்துக்கொண்டு தொடக்கத்தை மட்டும் மாற்றினால் தெரியும். 3-இல் தொடங்கினால் 2.828, 2.665, 2.518 என்று இறங்குமுகம். கீழே 2 என்ற தரை இருப்பதால் இதுவும் 2-க்கே போகிறது. சரியாக 4-இல் தொடங்கினால் அசையாமல் 4-லேயே நிற்கும். 5-இல் தொடங்கினால் 5.66, 7.10, 11.7, 58, அதற்கடுத்த உறுப்பு 50 கோடிக்கு மேல். காரணத்தை நுண்கணிதம் அளந்து சொல்கிறது. 2-க்கு அருகில் ஒவ்வொரு படியும் மிச்சத் தூரத்தை ஏறக்குறைய 0.69 மடங்காகச் சுருக்குகிறது. 4-க்கு அருகில் அதே தூரத்தை 1.39 மடங்காக விரிக்கிறது. 4-இல் நின்றால் நிற்கலாம், ஆனால் வெளியிலிருந்து நடந்து யாரும் அங்கே போய்ச் சேர முடியாது.

இனி கண்ணின் நம்பகத்தன்மை. √2-க்குப் பதிலாக 1.5-ஐ அடுக்கினால் என்ன? வித்தியாசம் ஒன்பது சதத்துக்கும் குறைவுதான். உறுப்புகள்: 1.5, 1.837, 2.106, 2.349, 2.592. இடைவெளிகள் 0.337, 0.269, 0.243, 0.243. ஏற்றம் குறைந்துகொண்டு வருகிறது, 3-க்குப் பக்கத்தில் எங்கோ நின்றுவிடும் என்று ஐந்து உறுப்பைப் பார்த்தவர் சொல்லிவிடுவார். அடுத்தவை 2.860, 3.189, 3.644, 4.38, 5.91. பதினோராவது உறுப்பு 11, பன்னிரண்டாவது 86, பதின்மூன்றாவது 16 இலக்க எண்.

இங்கேயும் ஏறுமுகம் என்பதற்கான நிரூபணம் ஓர் எழுத்து மாறாமல் செல்லும். விழுந்துபோவது மதில். L = 1.5^L என்பதற்கு விடையே கிடையாது; வளைவு நேர்கோட்டைத் தொடாமல் மேலேயே போய்விடுகிறது. ஓர் எல்லை இருந்தால் அது இந்தச் சமன்பாட்டுக்குப் பொருந்தியாக வேண்டும். பொருந்தும் எண் இல்லாததால் எல்லையும் இல்லை. வளைவு நேர்கோட்டை மிக நெருங்கிப் போகும் அந்த இடுக்கில்தான் உறுப்புகள் தயங்கி நடந்தன. 1-க்கு மேற்பட்ட அடிமானங்களில் எதுவரை கோபுரம் நிற்கும் என்பதைக் கண்டவர் ஆய்லர்: e^(1/e), அதாவது சுமார் 1.4447. √2 அந்தக் கோட்டுக்குச் சற்று உள்ளே இருக்கிறது, 1.5 வெளியே.

இதே கேள்வி சென்னையிலும் எழுந்தது. 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் வாசகர்களிடம் கேட்டது: √(1+2√(1+3√(1+4√(1+…)))) எவ்வளவு? யாரும் அனுப்பாத விடையை அவரே தந்தார். 3 = √(1+2·4), 4 = √(1+3·5), 5 = √(1+4·6) என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்திக்கொண்டே போனால் 3. அழகான வழி. ஆனால் இதே பொருத்தலை 4-இல் தொடங்கியும் செய்யலாம்: 4 = √(1+2·(15/2)), 15/2 = √(1+3·(221/12)) என்று முடிவில்லாமல் போகும். வெளித்தோற்றத்தில் அதே மூலத்தொடர், மதிப்பு மட்டும் 4!

தீர்த்துவைப்பது மறுபடியும் ஏற்றமும் வரம்பும். மூலத்தை அங்கங்கே வெட்டி நிறுத்தினால் 1.732, 2.236, 2.560, 2.755 என்று ஏறுகிறது. வெட்டிய இடத்தில் ராமானுஜனின் எண்ணை வைத்தால் சரியாக 3 வரும். வெறும் 1 வைப்பதால் 3-க்குக் கீழேதான் இருக்கும். எல்லை உண்டு, அது 3-க்கு மேல் இல்லை. 4 விலகிவிட்டது. ஆனால் எல்லை 3-ஏதானா? இங்கே படிக்குப் படி விதி மாறுவதால் L = f(L) என்று எழுத வழியில்லை. வேறு விதமாக அளக்க வேண்டும். n என்ற பெருக்கியோடு வெட்டினால், உள்ளே இருக்க வேண்டிய n+2-க்குப் பதில் 1 இருக்கிறது. அதாவது n+2 மடங்கு குறை. வெளியே வரும் வழியில் ஒவ்வொரு வர்க்கமூலமும் அந்தக் குறை மடங்கை அதன் வர்க்கமூலத்துக்குள் அடக்கிவிடுகிறது. பத்து மூலம் போட்டால் 13 மடங்கு குறை 1.0025 மடங்காகச் சுருங்கி, மதிப்பு 2.992-க்கு மேல் போய்விடும். மூலங்கள் கூடக்கூட மடங்கு 1-ஐ நெருங்குகிறது, எல்லை 3.

ஒவ்வொரு மூலத்திலும் அடுக்கு பாதியாகும் இந்தச் சங்கதிதான் பொது விதியின் திறவுகோல். அதைக் கண்டவர் ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்று, பின்னாளில் சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் இயக்குநரான தி. விஜயராகவன். 1927-இல் வெளியான ராமானுஜன் ஆய்வுத்தொகுப்பின் பின்னிணைப்பில் அது இருக்கிறது. √(a₁+√(a₂+√(a₃+…))) என்ற தொடரில் உள்ள எண்கள் 1-க்குக் குறையாதவை என்றால், log aₙ-ஐ 2ⁿ-ஆல் வகுத்து வரும் ஈவுகள் வரம்புக்குள் இருந்தால் தொடர் குவியும், இல்லாவிட்டால் குவியாது. 4, 16, 256 என்று ஒவ்வொன்றும் முந்தையதன் வர்க்கமாக வீங்கினாலும் தொடர் தாக்குப்பிடிக்கும்: √(4+√(16+√(256+…))) என்பதில் 2-ஐ வெளியே எடுத்தால் உள்ளே √(1+√(1+…)) மிஞ்சும். அதன் ஏற்றத்தையும் வரம்பையும் கோபுரத்துக்குச் செய்தது போலவே காட்டிவிட்டு L² = 1+L-ஐத் தீர்த்தால், முழு மதிப்பு 1+√5 என்று கிடைக்கும்.

(தொடரும்)