மூன்று கிராம் பட்டுப்புடவை

ஆன்லைனில் புடவை விற்பவர்கள் அளவை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஒருவர் "நீளம் 6.3 மீ, அகலம் 48 இன்ச், எடை 720 கிராம்" என்று ஒழுங்காகத் தருவார். இன்னொருவர் "5.5+.8 மீட்டர், நல்ல கனம், ஒரு கிலோ பக்கம் வரும்" என்பார். வாங்குகிறவர் படித்தால் இரண்டும் புரிந்துவிடும். ஆயிரக்கணக்கான புடவைகளை வைத்திருக்கும் கடைக்காரர் எடைவாரியாகப் பிரிக்கவோ கூரியர் செலவைக் கணக்கிடவோ உட்காரும்போதுதான் சிக்கல். அந்த வாக்கியங்களுக்குள் கிடக்கும் எண்களைப் பிடுங்கி, நீளம், அகலம், எடை என்று தனித்தனிக் கட்டத்தில் போட்டாக வேண்டும்.

இந்த வேலைக்குப் பழைய, நம்பகமான கருவி ரெகுலர் எக்ஸ்பிரஷன். புரோகிராமர்கள் சுருக்கமாக ரெஜெக்ஸ் என்பார்கள். தேட வேண்டிய சொல்லைக் கொடுக்காமல், அது எப்படி இருக்கும் என்ற வடிவத்தைக் கொடுத்துத் தேடுவது இது. எடைக்கு எல்லோரும் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

```
\d+(\.\d+)?\s*கிராம்
```

`\d+` என்றால் ஒன்றோ பலவோ இலக்கங்கள். அடைப்புக்குள் இருப்பது புள்ளியும் அதன் பின்வரும் இலக்கங்களும். கேள்விக்குறி, இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி என்கிறது. `\s*` இடைவெளியைத் தாண்டுகிறது. "720 கிராம்" இதில் அழகாக மாட்டிக்கொள்ளும்.

"1,150 கிராம்" என்று எழுதியிருந்தால்? கமா இந்த வடிவத்தில் இல்லை. ஆகவே கமாவுக்குப் பின்னால் இருக்கும் 150-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று போய்விடும். மீட்டருக்கும் இதே வடிவம் என்றால், ".8 மீட்டர்" 8 மீட்டராகிவிடும். எட்டு மீட்டரில் ரவிக்கைத் துணி! பிழைச் செய்தி எதுவும் திரையில் வராது. ரெஜெக்ஸின் உண்மையான ஆபத்து இதுதான்: எதுவும் கிடைக்கவில்லை என்றால் கட்டம் காலியாக இருக்கும், கண்ணில் பட்டுவிடும், பாதி கிடைத்தால் நல்ல எண் போலவே உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் கவனமாக எழுதினால்:

```
(?<![\d.,])(\d[\d,]*(?:\.\d+)?|\.\d+)\s*கிராம்
```

முதல் அடைப்பு, எண்ணுக்குச் சற்று முன்னால் இலக்கமோ புள்ளியோ கமாவோ இருக்கக்கூடாது என்கிறது. எண்ணை நடுவில் பிய்த்து எடுப்பது இதனால் நின்றுபோகும். கமாவைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. "எடை.720 கிராம்" என்று இடைவெளி விடாமல் தட்டச்சு செய்தவரின் புடவை இப்போது 0.72 கிராம்.

தமிழில் எழுதப்பட்ட விவரணையில் இன்னொரு வில்லங்கம். அலகோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும்: 720 கிராமில், 720 கிராமுக்கு. புள்ளி வைத்த "கிராம்" இவற்றில் பொருந்தாது. அதனால் புள்ளியை எடுத்துவிட்டு "கிராம" என்று தேடினால், "ஆரணியைச் சுற்றியுள்ள 3 கிராமங்களில் நெய்தது" என்ற வரி அகப்பட்டு, பட்டுப்புடவையின் எடை 3 கிராம் என்று பதிவாகிவிடும். சொல் முடியும் இடத்தைக் குறிக்க ஆங்கிலத்துக்குப் போடும் `\b`-ஐப் போட்டும் பயனில்லை. பைத்தானின் `re` நம் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாகவே கணக்கில் கொள்வதில்லை. `கிராம்\b` என்று எழுதினால் பின்னால் கமா வந்தாலும் இடைவெளி வந்தாலும் பொருந்தாது. மகரத்தை அடுத்து என்ன வரலாம் என்பதை நாமே சொல்லிவிடுவது நல்லது:

```
கிராம[\u0BCD\u0BC1\u0BBF]
```

அந்த மூன்று எண்களும் புள்ளி, உகரக் குறி, இகரக் குறி. கிராமம் வெளியே போய்விடும், கிராமில் உள்ளே வரும்.

இப்படி ஓட்டைகளை அடைத்துக்கொண்டே போகலாம். எழுதுகிறவர்கள் புதிய ஓட்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆகவே எடுத்த எண் நடக்கக்கூடியதுதானா என்று பார்க்கும் சோதனை தனியாக வேண்டும். முதலில் எல்லாவற்றையும் மீட்டருக்கும் கிராமுக்கும் மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு வரம்பு: அகலம் 1 முதல் 1.35 மீட்டர், எடை 200 முதல் 1,500 கிராம் என்று தொடங்கலாம். மூன்று கிராம் புடவை இங்கேயே நின்றுவிடும். "நீளம், அகலம் முறையே 6.3 மீ, 48 இன்ச்" என்ற வரியில் அகலம் என்ற சொல்லுக்கு அடுத்து வரும் எண்ணை எடுத்தால் அகலம் 6.3 மீட்டராகும், அதுவும் நின்றுவிடும்.

நீளத்துக்கு வரம்பு வைக்கும்போது நிதானம் தேவை. ஆறு கஜம் சுமார் 5.5 மீட்டர், ரவிக்கையோடு 6.3. இதை மட்டும் மனதில் வைத்து 7 மீட்டரில் கோடு போட்டால், மடிசாருக்கான ஒன்பது கஜப் புடவைகள் எல்லாம் பிழை என்று ஒதுங்கிவிடும். அவை 8.2 மீட்டருக்குமேல் வரும். அரிதான எண் வேறு, நடக்கவே முடியாத எண் வேறு. முன்னதை ஒருவர் பார்க்கும்படி தனியே வைக்கலாம், பின்னதை நிராகரிக்கலாம். நீளம் 63 என்று வந்தால் புள்ளி விட்டுப்போயிருக்கும் என்று நாமே பத்தால் வகுத்து உள்ளே தள்ளுவது மட்டும் கூடாது. ஊகத்தை அளவாக எழுதிவைத்தால் பிறகு கண்டுபிடிக்க வழியே இல்லை.

தனித்தனியாகப் பார்த்தால் மூன்று எண்களும் சரி, சேர்த்துப் பார்த்தால் உதைக்கும் என்ற நிலையும் உண்டு. ஜரிகை நிறைந்த ஒரு கல்யாணப் பட்டு: நீளம் 6.3 மீ, அகலம் 48 இன்ச், எடை 250 கிராம் என்று வந்திருக்கிறது. மூன்றும் வரம்புக்குள்தான். 48 இன்ச் என்றால் 1.22 மீட்டர். பரப்பு ஏறக்குறைய 7.7 சதுர மீட்டர். 250-ஐ அதால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 33 கிராம். திருப்பூர்க்காரர்கள் ஜிஎஸ்எம் என்று அன்றாடம் பேசும் கணக்கு இதுதான். இவ்வளவு மெல்லிய துணியில் கனத்த ஜரிகைக் கரை நிற்காது. மூல விவரணையைத் திறந்தால் "எடை 1 கிலோ 250 கிராம்" என்று இருக்கிறது. ரெஜெக்ஸ் கிலோவை விட்டுவிட்டது. 1,250-ஐப் போட்டால் சதுர மீட்டருக்கு 163 கிராம், கனமான பட்டுக்கு நம்பக்கூடிய எண். எதிர்த்திசையிலும் இது வேலை செய்யும். 720 கிராம் புடவை சதுர மீட்டருக்கு 94 கிராம். அதையே 7.2 கிலோ என்று எழுதியிருந்தால் 900-ஐத் தாண்டும். ஜீன்ஸ் துணியே 400 பக்கம்தான். கிலோவும் கிராமும் சேர்ந்து வரும் வடிவத்தை முதலில் தேடி, இல்லாவிட்டால் மட்டும் தனி அலகைத் தேடும்படி வரிசையை மாற்றினால் அந்த ஓட்டை அடைபடும்.

ஜிஎஸ்எம் வரம்பு துணிக்குத் துணி வேறுபடும். பட்டு, பருத்தி, ஷிஃபான் ஒவ்வொன்றிலும் சில டஜன் புடவைகளைக் கடையிலேயே தராசில் வைத்துப் பார்த்து, அந்த எண்களிலிருந்து வரம்பு வைப்பதே நம்பகமானது.

அப்படியும் தப்பிப்போகும் பிழைகள் உண்டு. 720 கிராம் புடவையை 150 கிராம் அட்டைப் பெட்டியோடு சேர்த்து நிறுத்தவர் 870 என்று எழுதினால், சதுர மீட்டருக்கு 113 கிராம். பட்டுக்கு அது முற்றிலும் நம்பும்படியான எண். எந்த வடிவமும் எந்த வரம்பும் இதைப் பிடிக்காது. வாங்கியவர் எடை குறைகிறது என்று சொல்லும்போது சரிபார்க்க, எடுத்த எண்ணின் பக்கத்திலேயே மூல வரியையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். "பெட்டியுடன்" என்ற சொல் பல நேரம் அந்த வரியிலேயே இருக்கும்.