ஒரே கரைப்பான், மூன்று தவணை

தேயிலையைச் சோடியம் கார்பனேட் கலந்த நீரில் கொதிக்கவைத்து வடிகட்டினால், நீரில் கஃபீனோடு டானின்களும் இருக்கும். கார்பனேட்டால் டானின்கள் உப்புகளாக மாறி நீரிலேயே தங்கிவிடுகின்றன. எனவே கஃபீனை மட்டும் தனியே இழுத்தெடுக்க, நீரோடு கலக்காத டைகுளோரோமீத்தேன் போதும். இது 40 டிகிரியிலேயே கொதிப்பதால், வடிநீரை நன்றாக ஆறவைத்த பிறகே பிரிபுனலில் ஊற்ற வேண்டும்.

நீரைவிடக் கனமான இந்தத் திரவம் அடியில் தங்கும். குலுக்கும்போது கஃபீன் மூலக்கூறுகள் இரு பக்கமும் போய்வருகின்றன. போவதும் வருவதும் சமமாகும் கட்டத்தில், இரு அடுக்குகளிலும் உள்ள செறிவுகளின் விகிதம் மாறாமல் நிற்கிறது. இதுவே பங்கீட்டுக் குணகம். 1891-இல் வால்டர் நெர்ன்ஸ்ட் இதை விதியாக வகுத்தார். வெப்பநிலை மாறினால் குணகமும் மாறும்.

கணக்கு எளிதாக இருக்க, குணகம் 5 என்றும், 100 மில்லி நீரில் 100 மில்லிகிராம் கஃபீன் இருப்பதாகவும் கொள்வோம். கையிலிருப்பது 90 மில்லி டைகுளோரோமீத்தேன். அத்தனையையும் ஒரே தடவையில் ஊற்றினால் சுமார் 82 மில்லிகிராம் கீழே வந்துவிடும். 18 நீரில் தங்கும். அதையே 30 மில்லியாக மூன்று தடவை ஊற்றினால், முதல் தடவை 60 வரும், 40 தங்கும். அடுத்து 24 வரும், 16 தங்கும். மூன்றாம் முறைக்குப் பின் நீரில் எஞ்சுவது 6.4 மட்டுமே. கரைப்பான் ஒரு சொட்டுகூட அதிகம் செலவாகவில்லை, ஆனால் இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

காரணம், ஒவ்வொரு மில்லியும் எவ்வளவு சுமையோடு வெளியேறுகிறது என்பதில் இருக்கிறது. மொத்தமாக ஊற்றியபோது ஒரு மில்லி சுமந்தது சுமார் 0.9 மில்லிகிராம். தவணையில் முதல் 30 மில்லி, நீர் இன்னும் செறிவாக இருந்தபோதே சமநிலை கண்டதால், மில்லிக்கு 2 மில்லிகிராம் சுமந்து போனது. அடுத்து வரும் புதிய கரைப்பானில் கஃபீனே இல்லை. ஆகவே நீரில் மிஞ்சியதிலும் பெரும்பகுதி அதற்குள் போகிறது.

தவணையைக் கூட்டிக்கொண்டே போவதால் பயன் சுருங்கும். 15 மில்லியாக ஆறு தடவை செய்தால் எஞ்சுவது 3.5 மில்லிகிராம், எண்ணற்ற தடவைகளாகப் பிரித்தாலும் 1.1-க்குக் கீழே இறங்காது. அதனால்தான் ஆய்வகத்தில் பெரும்பாலும் மூன்று தடவையோடு நிறுத்துகிறார்கள்.

செய்முறையில் தொல்லை தருவது பால்மம். தேநீரை வேகமாகக் குலுக்கினால் அடுக்குகளுக்கு நடுவே பால் போன்ற கலங்கல் உருவாகி, எல்லைக்கோடே தெரியாது. மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவதே நல்லது; கலங்கிவிட்டால் கொஞ்சம் உப்பு சேர்க்கலாம். ஒவ்வொரு தடவையும் புனலைத் தலைகீழாகப் பிடித்து, குழாயைத் திறந்து ஆவியை வெளியேற்றாவிட்டால் அடைப்பான் பிய்த்துக்கொண்டு போகும். எது நீர் அடுக்கு என்ற ஐயம் வந்தால் ஒரு சொட்டு நீர் விட்டு, அது எதில் கலக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கரைபொருள் இரு பக்கமும் ஒரே மூலக்கூறு வடிவில் இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு செல்லும். பென்சாயிக் அமிலம் பென்சீனுக்குள் இரண்டிரண்டாக இணைந்துகொள்வதால், அங்கே செறிவுகளின் எளிய விகிதம் மாறிலியாக நிற்பதில்லை.