நியமனக் கடிதத்தில் உள்ள பணம் எப்போது உங்களுடையதாகிறது?

யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்த ஒருவருக்கு, வெளிநாட்டுத் தாய்க் கம்பனியுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் முதல் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் ஒரு இலட்சம் ரூபா. நியமனக் கடிதத்தில் சேமலாப நிதி, பணிக்கொடை, 4,800 ‘ஸ்டொக் ஒப்சன்’ என்று மூன்றும் இருக்கின்றன. மூன்றும் ஒரே நாளில் அவருடையதாகி விடுவதில்லை. தருவதாகச் சொன்ன ஒன்று, திரும்பப் பறிக்க முடியாதபடி உங்களுக்கு உரித்தாகும் நிலையைத்தான் ‘வெஸ்டிங்’ என்கிறார்கள்.

ஊழியர் சேமலாப நிதியத்தில் காத்திருப்பு இல்லை. சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்படும். முதலாளி தன் பங்காக 12 சதவீதம் சேர்க்க வேண்டும். அதாவது மாதம் 20,000 ரூபா. முதலாளி தனியாகச் செலுத்தும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் 3 சதவீதம், 3,000 ரூபா. பதினொரு மாதத்தில் விலகினாலும் சேர்ந்த 2,53,000 ரூபாவும், அதன் வட்டியும் அவருடையதே. உடனே கையில் எடுக்க முடியாது என்பது வேறு விடயம். சேமலாப நிதியைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் பெறலாம். “இடையில் போனால் கம்பனியின் பங்கு கிடையாது” என்று யாராவது சொன்னால் அது பிழை.

பணிக்கொடை அப்படியல்ல. 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அதே சம்பளமே இருந்தால் ஐந்து வருடத்தில் 2,50,000 ரூபா. நான்கு வருடமும் பதினொரு மாதமும் என்றால் சட்டப்படி ஒன்றுமில்லை. விலகல் கடிதம் கொடுக்கும் முன் திகதியை எண்ணிப் பாருங்கள்.

ஒப்சன் என்பது பங்கு அல்ல, குறித்த விலையில் பின்னர் பங்கு வாங்கும் உரிமை மட்டுமே. இதைச் சட்டமல்ல, ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. வழமையான ஏற்பாடு நான்கு வருடம்: முதல் வருடம் முடியும் வரை பூச்சியம், அன்று கால்வாசி, பிறகு மாதாமாதம். நமது பட்டதாரி பதினொராம் மாதம் போனால் எதுவுமில்லை. பன்னிரண்டு மாதம் முடித்தால் 1,200. இருபது மாதத்தில் 2,000. உரித்தானதையும், விலகிய பின் பல ஒப்பந்தங்களில் 90 நாட்களுக்குள் காசு கட்டி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காலாவதியாகும். பங்குச் சந்தைக்கு வராத கம்பனியென்றால் வாங்கிய பங்கை விற்கவும் ஆள் தேட வேண்டும். ஆகவே, “ஒப்சன் தருகிறோம்” என்று சொல்லி மாதச் சம்பளத்தைக் குறைத்தால் ஒப்புக்கொள்ள அவசரப்பட வேண்டாம்.

உரித்தான பணமும் கட்டப்படாமல் கிடக்கலாம். சம்பளச் சீட்டில் 8 சதவீதம் கழிந்திருக்கும், நிதியத்துக்குப் போயிராது. இடப்பெயர்வில் பதிவுகளைத் தொலைத்த பெற்றோருக்கு ஓர் அங்கத்துவ இலக்கத்தின் பெறுமதி தெரியும். அந்த இலக்கத்தை முதல் மாதமே கேட்டு வாங்கி, சம்பளச் சீட்டுகளின் படத்தை வீட்டில் இன்னொருவரிடமும் வைத்திருங்கள். நிதியத்தின் கணக்குக்கூற்றில் ஏதாவது மாதம் விடுபட்டிருந்தால், அந்தச் சீட்டுகளோடு அருகிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம்.