230-க்கும் 400-க்கும் நடுவே ஒரு முக்கோணம்

கிணற்று மோட்டாருக்கு வரும் மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் 230 வோல்ட் காட்டும். இரண்டு பேஸ் கம்பிகளுக்கு நடுவே வைத்தால் 460 காட்ட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் ஏறக்குறைய 400-ல் முள் நின்றுவிடுகிறது. மீதி 60 வோல்ட் எங்கே போயிற்று?

ஸ்கேலும் கோணமானியும் இருந்தால் தாளிலேயே கண்டுபிடித்துவிடலாம். 50 வோல்ட்டுக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு புள்ளி, அது நியூட்ரல். அதிலிருந்து 4.6 செ.மீ. நீளத்தில் மூன்று கோடுகளை, ஒன்றுக்கொன்று 120 டிகிரி விலகும்படி இழுக்க வேண்டும். மூன்று பேஸும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை, சுற்றில் மூன்றில் ஒரு பங்கு தள்ளித் தள்ளித்தான் தொடுகின்றன. அந்தத் தாமதம்தான் படத்தில் 120 டிகிரி. இப்போது ஏதேனும் இரண்டு நுனிகளுக்கு இடையே அளந்தால் 8 செ.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவாக, அதாவது 398 வோல்ட் வரும். இதுதான் ஸ்டார். மையத்திலிருந்து நுனி வரை பேஸ் மின்னழுத்தம். நுனிக்கு நுனி லைன் மின்னழுத்தம். பின்னது முன்னதைப்போல் எப்போதும் 1.732 மடங்கு.

டெல்டாவுக்கு நடுப்புள்ளியை அழித்துவிட்டு, நுனிகளை இணைக்கும் மூன்று பக்கங்களிலும் சுருள்களை வரைந்தால் போதும். ஒரு சுருள் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும். எந்த இரண்டு லைனுக்கும் நடுவே நேராக ஒரு சுருள் உட்கார்ந்திருப்பதால் அதற்குக் கிடைப்பது முழு 400. லைனும் பேஸும் ஒன்றுதான். நடுப்புள்ளி இல்லாததால் நியூட்ரலும் கிடையாது. வீடுகளுக்கு 230 வேண்டும் என்பதால்தான் தெரு டிரான்ஸ்பார்மர்களில் 11,000 வோல்ட் பக்கம் டெல்டாவாகவும் வீட்டுப் பக்கம் ஸ்டாராகவும் இருக்கின்றன.

மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்தால் இதே படம் பித்தளையில் இருக்கும். மேல் வரிசையில் U1, V1, W1. கீழே W2, U2, V2. கீழ் வரிசை ஓர் இடம் நகர்ந்திருப்பது தற்செயல் அல்ல. தகடுகளை மேலும் கீழுமாகப் போட்டால் U1-உடன் W2 சேர்ந்து தானாக டெல்டா ஆகிவிடும். கீழ் மூன்றையும் குறுக்கே இணைத்தால் ஸ்டார்.

400 வோல்ட் டெல்டாவுக்கு என்று செய்த மோட்டாரைத் தவறுதலாக ஸ்டாரில் விட்டால் ஒவ்வொரு சுருளுக்கும் 230 வோல்ட்தான் போகும். முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்காகிவிடும். சுமையில்லாமல் ஓட்டிப் பார்த்தால் குறையே தெரியாது. பம்பை மாட்டியதும் வேகம் எடுக்காமல் முனகும், சூடேறும். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசம். பெயர்ப்பலகையில் டெல்டா 230, ஸ்டார் 400 என்று இருக்கும் சிறிய மோட்டாரை 400 வோல்ட் லைனில் டெல்டாவாகக் கொடுத்தால் 230-க்குச் சுற்றிய சுருள் 400-ஐ வாங்கும். உடனே பியூஸ் போகவில்லை என்றால் சற்று நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை வரும்.